மகன் பெயர் இருக்க வேண்டிய கட்டத்தில் என் பெயர்: போனில் ஆட்டோஃபில் நிரப்பிய பள்ளிப் படிவம்

மீனா_ஒயிட்ஃபீல்டு · திங்கள், இரவு 9.40

வணக்கம். பெங்களூரில் போன வருடம் வரை அல்சூரில் இருந்தோம், இப்போது ஒயிட்ஃபீல்டில் இருக்கிறோம். மகன் கவினை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க ஒரு பள்ளியின் படிவத்தைப் போனிலேயே குரோமில் நிரப்பினேன். ஆண்ட்ராய்டு போன், ஆட்டோஃபில் ஆனில்தான் இருந்தது.

முகவரி நீளமாக இருக்குமே என்று முதலில் முகவரிக் கட்டத்தைத் தொட்டேன். கீபோர்டுக்கு மேலே என் பெயரும் முகவரியும் ஒரு பட்டையில் வந்தன, அதைத் தொட்டேன். பழைய அல்சூர் முகவரி விழுந்தது. அதை அழித்துவிட்டுப் புது முகவரியை அடித்தேன். மேலே போனால் மாணவர் பெயர் கட்டத்தில் Meenakshi என்று இருந்தது. அதை Kavin என்று மாற்றினேன். மற்றதெல்லாம் நிரம்பியிருந்ததால் சப்மிட் கொடுத்துவிட்டேன்.

மூன்று நாள் கழித்துத்தான் ஒப்புகைச் சீட்டு பிடிஎஃப்பை இறக்கிப் பார்த்தேன். மகனுடைய லாஸ்ட் நேம் Senthilkumar என்று இருக்கிறது. பிறப்புச் சான்றிதழில் Kavin S. அப்பா பெயர் கட்டத்தில் என் முழுப் பெயர், Meenakshi Senthilkumar. பின்கோடு 560008. வாட்ஸ்அப் எண் என்னுடையதே இல்லை. நேர்முகத் தேதி வாட்ஸ்அப்பில் வரும் என்று சொல்லியிருந்தார்கள், எனக்கு எதுவும் வரவில்லை. கவலையாக இருக்கிறது.

பள்ளியில் பேசியாகிவிட்டது, கடிதமும் சான்றிதழ் நகலும் கேட்டிருக்கிறார்கள். அது நடக்கும். எனக்குத் தெரிய வேண்டியது இரண்டு. நான் தொடாத கட்டங்கள் எப்படி நிரம்பின? அடுத்த வாரம் பள்ளிப் பேருந்துக்கு இன்னொரு படிவம் வருகிறது. அதில் சப்மிட்டுக்கு முன் எதை எதைப் பார்க்க வேண்டும்?

---

பாபு_ஜெயநகர் · திங்கள், இரவு 10.05

இதற்கு எளிய வழி இருக்கிறது. இன்காக்னிட்டோ டேப்பில் படிவத்தைத் திறங்கள். அங்கே பிரவுசருக்கு நம்மைத் தெரியாது, அதனால் எதையும் நிரப்பாது. நான் பேங்க் வேலை எல்லாம் அப்படித்தான் செய்கிறேன்.

---

சரஸ்வதி_மல்லேஸ்வரம் · திங்கள், இரவு 10.30

மீனாம்மா, எனக்கும் இதே தொல்லை. பேத்தி பெயர் யாழினி. Yazhini என்று அடித்து ஸ்பேஸ் தட்டினால் போன் தானாக வேறு ஏதோ வார்த்தையாக மாற்றிவிடுகிறது. ரேஷன் கார்டில் சேர்க்கிற படிவத்தில் அப்படியே போய், திருத்த நாங்கள் இரண்டு முறை அலைந்தோம். ஆட்டோஃபில்லை ஆஃப் செய்தும் நிற்கவில்லை. என்ன செய்வது என்று யாராவது சொல்லுங்கள்.

---

குமரன்_வெப் · திங்கள், இரவு 11.15

நான் பதினோரு வருடமாக இந்த மாதிரிப் படிவப் பக்கங்களை எழுதுகிறவன், அதனால் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன்.

முதலில் சரஸ்வதி அம்மாவுக்கு. உங்களுக்கு நடந்தது ஆட்டோஃபில் இல்லை, கீபோர்டு செய்கிற எழுத்துத் திருத்தம். கீபோர்டின் செட்டிங்ஸில் ஆட்டோ கரெக்ஷன் என்று இருக்கும், அதை நிறுத்துங்கள். பிரவுசரில் எதை ஆஃப் செய்தாலும் அது நிற்காது.

பாபு சார் சொன்னது பாதி சரி. இன்காக்னிட்டோவில் நீங்கள் அடிப்பது புதிதாகச் சேமிக்கப்படாது. ஆனால் ஏற்கெனவே சேமித்த முகவரியை குரோம் அங்கேயும் காட்டும், தொட்டால் நிரப்பும். மீனா அக்கா அங்கே போயிருந்தாலும் இதே தவறு நடந்திருக்கும்.

இப்போது அக்கா கேள்விக்கு. குரோம் உங்கள் விவரத்தை ஒரே கட்டாக வைத்திருக்கிறது: பெயர், முகவரி, ஊர், மாநிலம், பின்கோடு, போன், இமெயில். நீங்கள் முகவரிக் கட்டத்தில் நின்று அந்தப் பட்டையைத் தொட்டபோது, "முகவரியை மட்டும் போடு" என்று அது எடுத்துக்கொள்ளவில்லை. படிவத்தில் பெயர் போலத் தெரிகிற கட்டம், போன் போலத் தெரிகிற கட்டம் எல்லாவற்றையும் தேடி, காலியாக இருந்தவற்றில் ஒரே நொடியில் போட்டுவிட்டது. கட்டம் எதற்கானது என்பதைப் படிவம் எழுதியவர் தெளிவாகக் குறித்திருந்தால் அதைப் பார்க்கும். குறிக்காவிட்டால் கட்டத்தின் தலைப்பையும் உள்பெயரையும் வைத்து ஊகிக்கும். "Father's Name" என்பதில் Name இருக்கிறது, அது அப்பாவுக்கானது என்று அதற்குப் புரியவில்லை. சேமித்த கட்டில் இருக்கும் ஒரே பெயர் உங்களுடையது, அது போய் உட்கார்ந்தது.

கம்ப்யூட்டரில் என்றால் பத்துப் பதினைந்து கட்டம் ஒன்றாகக் கண்ணில் படும், மேலே பெயர் மாறுவது தெரியும். போனில் கீபோர்டு பாதித் திரையை மூடிக்கொள்கிறது. இரண்டு மூன்று கட்டம்தான் தெரியும். மற்றவை எல்லாம் திரைக்கு வெளியே நிரம்புகின்றன.

இனி உங்கள் வாட்ஸ்அப் எண். ஒன்று கேட்கிறேன், பிடிஎஃப்பில் அந்த எண் 91 என்று தொடங்குகிறதா?

---

மீனா_ஒயிட்ஃபீல்டு · செவ்வாய், காலை 6.50

ஆமாம் தம்பி! 9198 என்று தொடங்குகிறது. என் எண் 98-ல் தொடங்குவது. எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

---

குமரன்_வெப் · செவ்வாய், காலை 8.20

இதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், அக்கா. உங்கள் எண் குரோமில் +91 சேர்ந்து இருக்கிறது. பள்ளிப் படிவம் பத்து இலக்கம் மட்டும் கேட்கிறது. ஆட்டோஃபில் முழு எண்ணையும் போட, அந்தப் பக்கத்தின் நிரல் + குறியை எடுத்துவிட்டு முதல் பத்து இலக்கத்தை வைத்துக்கொண்டு மீதியை வெட்டியிருக்கிறது. அதாவது 91, அப்புறம் உங்கள் எண்ணின் முதல் எட்டு இலக்கம். கடைசி இரண்டு இலக்கம் போய்விட்டது.

படிவம் ஏன் பிழை சொல்லவில்லை என்று கேட்பீர்கள். இந்தியாவில் மொபைல் எண் 6, 7, 8, 9 ஆகிய நான்கில் ஒன்றில் தொடங்கும். பெரும்பாலான படிவங்கள் சோதிப்பது இரண்டே விஷயம்: பத்து இலக்கமா, முதல் இலக்கம் 6 முதல் 9 வரையா. 91-ல் தொடங்கும் பத்து இலக்கம் இரண்டிலும் தேறிவிடும். இதுவே 0 சேர்த்துச் சேமித்திருந்தால் அங்கேயே சிவப்புக் கோடு வந்திருக்கும். +91 ஆபத்தாவது இதனால்தான். அந்த எண் வேறு யாரிடமாவது இருந்தால், உங்கள் மகனின் நேர்முகச் செய்தி அவருக்குப் போயிருக்கும்.

அதனால் போன் எண்ணைச் சரிபார்க்கும்போது பின்னாலிருந்து படியுங்கள். முன்னால் 9-ஐயும் 98-ஐயும் பார்த்ததும் கண் நம்முடைய எண்தான் என்று நம்பிவிடும். கடைசி நான்கு இலக்கம் உங்களுடையதா என்று பாருங்கள், போதும்.

பிடிஎஃப்பில் மாவட்டம் என்ன இருக்கிறது என்றும் ஒரு முறை பார்த்துச் சொல்லுங்கள்.

---

மீனா_ஒயிட்ஃபீல்டு · செவ்வாய், காலை 8.45

இப்போதுதான் பார்த்தேன். மாநிலம் Karnataka, மாவட்டம் Bagalkote. இதை நான் கவனிக்கவே இல்லை. பாகல்கோட்டுக்கு நாங்கள் போனதுகூட இல்லை.

---

குமரன்_வெப் · செவ்வாய், மதியம் 1.10

நினைத்தேன். ஆங்கில அகர வரிசையில் கர்நாடக மாவட்டங்களில் பாகல்கோட் முதலில் வரும். மாநிலத்தை ஆட்டோஃபில் போட்டதும் மாவட்டப் பட்டியல் அதற்கேற்ப மாறியிருக்கிறது. உங்கள் சேமிப்பில் ஊர் Bangalore என்று இருந்திருக்கும். பட்டியலில் இருப்பதோ Bengaluru Urban. இரண்டும் பொருந்தவில்லை, அதனால் பட்டியல் முதல் பெயரிலேயே நின்றுவிட்டது. பட்டியலின் தலையில் "தேர்ந்தெடுக்கவும்" என்று ஒரு காலி வரி வைத்திருந்தால் படிவம் உங்களை நிறுத்தியிருக்கும். வைக்காதது எழுதியவர் பிழை.

பின்கோடு தங்கிப்போனதற்குக் காரணம் வேறு. முகவரி வரிகளை நீங்கள் கையால் மாற்றினீர்கள். அந்தக் கட்டம் மாறியது என்று பின்கோடு கட்டத்துக்குத் தெரியாது. அது அல்சூரின் 560008 ஆகவே இருந்தது. ஒயிட்ஃபீல்டு 560066. இரண்டும் 5600 என்றே தொடங்குவதால் பெங்களூர்க்காரர் கண்ணுக்கு எல்லாம் சரியாகத்தான் தெரியும். இங்கே கடைசி இரண்டு இலக்கம்தான் பேசும்.

---

அந்தோணி_சிவாஜிநகர் · செவ்வாய், மாலை 5.30

நான் சிவாஜிநகரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஒரு நாளில் இருபது பேருக்காவது படிவம் நிரப்பிக் கொடுப்பேன். என் அனுபவத்தில் ஒரே பதில்: ஆட்டோஃபில்லை முழுவதும் அணைத்துவிடுங்கள். முன்பு ஒரு பையன் கடை போனில் காலையில் வந்தவர் விவரத்தைச் சேமித்துவிட்டான். மாலையில் வந்த அம்மாவின் படிவத்தில் காலையில் வந்தவரின் இமெயில் போய்விட்டது. அந்த அம்மாவின் பாஸ்வேர்டு லிங்க் முன்பின் தெரியாத ஒருவருக்குப் போனது. என் கடையில் நடந்தது, நான்தான் பொறுப்பு. அன்றைக்கே அணைத்தேன்.

அணைக்கும் வழி: குரோமில் மூன்று புள்ளி, Settings, Addresses and more, அதில் Save and fill addresses.

இன்னொரு விஷயம், நம் ஆட்களின் பெயர். தமிழருக்கு இனிஷியல் இருக்கிறது, குடும்பப் பெயர் கிடையாது. படிவம் First, Last என்று இரண்டு கேட்கிறது. S. Murugesan என்று சேமித்தால் First-ல் S., Last-ல் Murugesan போகும். ஆதாரில் Murugesan S என்றிருந்தால் தலைகீழாகிவிடும். மீனாம்மா மகனுக்கு நடந்தது அதைவிட மோசம். லாஸ்ட் நேம் Senthilkumar என்பது பார்க்கச் சரி மாதிரியே இருந்திருக்கும், அப்பா பெயர்தானே என்று. ஆனால் சான்றிதழில் S மட்டும்தான். பார்த்தவுடன் தப்பு என்று தெரிகிற தப்பைத் திருத்திவிடுவோம். சரி போலத் தெரிகிற தப்புதான் அப்படியே போய்விடும்.

---

தேவி_கோரமங்களா · செவ்வாய், இரவு 8.00

என்னுடையது ஐபோன், சஃபாரி. அதில் சேமித்த முகவரி என்று தனியாக எதுவும் தேட வேண்டாம், காண்டாக்ட்ஸில் உள்ள நம்முடைய கார்டையே எடுக்கும். என் கார்டில் யாரோ ஒருவர் சேர்க்கச் சொன்னதால் ஆபீஸ் எண்ணும் ஆபீஸ் முகவரியும் இருந்தன. மாமியாரின் மருத்துவப் படிவத்தில் அவசரத் தொடர்பு எண்ணாக என் ஆபீஸ் எண் போயிருக்கிறது. அந்த வேலையை விட்டு வந்தே ஒரு வருடமாகிறது. சஃபாரியின் AutoFill செட்டிங்ஸில் My Info என்று இருக்கும், அங்கே எந்தக் கார்டு என்று பாருங்கள்.

---

குமரன்_வெப் · செவ்வாய், இரவு 10.20

அந்தோணி அண்ணா கடைக்கு அணைப்பதே சரி. பலர் கை மாறும் போனில் அது இருக்கவே கூடாது. அணைத்தால் மட்டும் போதாது, ஏற்கெனவே சேமித்த முகவரிகளையும் அதே பக்கத்தில் அழித்துவிடுங்கள்.

ஆனால் சொந்தப் போனில் அணைக்கச் சொல்ல மாட்டேன். கையால் அடித்தாலும் பின்கோடு தப்பும். அணைப்பதைவிட வரிசையை மாற்றுவது நல்லது. குரோமில் நீங்கள் கையால் அடித்த கட்டத்தின் மேல் ஆட்டோஃபில் எழுதாது, காலியானதில்தான் எழுதும். ஆகவே குழந்தை பெயர், அப்பா பெயர், வாட்ஸ்அப் எண் எல்லாவற்றையும் முதலில் நீங்களே அடியுங்கள். முகவரி கடைசியில். அப்போது அந்தப் பட்டையைத் தொட்டால் அதற்குப் பெயர் போடக் காலி இடமே இருக்காது. மீனா அக்கா செய்தது இதற்கு நேர் எதிர் வரிசை, அதனால்தான் நான்கைந்து பிழை ஒன்றாக வந்தன.

நிறத்தையும் கவனியுங்கள். குரோம் தானாக நிரப்பிய கட்டத்தின் பின்னணி வெளிர் நீலமாக இருக்கும், நீங்கள் கை வைத்துத் திருத்தினால் நீலம் போய்விடும். அதனால் சப்மிட்டுக்கு முன் கீபோர்டை மூடிவிட்டு, மேலிருந்து கீழே மெதுவாக இழுத்துக்கொண்டு போங்கள். நீலமாக நிற்பவை எல்லாம் நீங்கள் பார்க்காமல் நிரம்பியவை, அவற்றை மட்டும் படித்தால் போதும். சில தளங்கள் தங்கள் அலங்காரத்தில் அந்த நிறத்தை மறைத்துவிடும். அங்கே எல்லாக் கட்டத்தையும் படிக்க வேண்டியதுதான். மாவட்டப் பட்டியலும் நீலமாக இருக்காது, ஏனென்றால் அதைக் குரோம் நிரப்பவே இல்லை. பட்டியல்களைத் தனியாகப் பாருங்கள்.

படிவம் எழுதுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கு ஒன்று. `autocomplete="off"` போட்டுவிட்டோம் என்று நிம்மதியாக இருக்காதீர்கள், முகவரி விஷயத்தில் குரோம் அதைப் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. எந்தக் கட்டம் யாருக்கு என்று பிரித்துச் சொல்லுங்கள்:

```html
<input name="mother_mobile" autocomplete="section-mother tel-national">
<input name="father_mobile" autocomplete="section-father tel-national">
```

`tel-national` என்று சொன்னால் நாட்டுக் குறியீடு இல்லாத எண் கேட்கிறீர்கள் என்று பிரவுசருக்குத் தெரியும், அந்த +91 தொல்லை வராது.

---

பாபு_ஜெயநகர் · புதன், காலை 7.15

இன்காக்னிட்டோவில் நானும் சோதித்துப் பார்த்தேன், முகவரி வந்தது. குமரன் சொன்னது சரி. ஆனால் ஒரு சந்தேகம். நான் முகவரிகளை எல்லாம் அழித்துவிட்டேன், பிறகும் இமெயில் கட்டத்தைத் தொட்டால் gmial.com என்று தப்பாக அடித்த பழைய இமெயில் ஒன்று வருகிறது. இது எங்கிருந்து?

---

குமரன்_வெப் · புதன், காலை 9.00

அது வேறு சேமிப்பு, சார். முகவரிக் கட்டு ஒன்று. நீங்கள் எப்போதோ படிவங்களில் அடித்த வார்த்தைகளின் நினைவு இன்னொன்று. முதலாவதை அழித்தாலும் இரண்டாவது இருக்கும். குரோமில் பிரவுசிங் டேட்டாவை அழிக்கும் இடத்தில் Autofill form data என்று ஒரு வரி உண்டு, அதை மட்டும் டிக் செய்து அழியுங்கள். காலம் எல்லாம் என்று தேர்ந்தெடுக்க மறக்க வேண்டாம்.

---

அந்தோணி_சிவாஜிநகர் · புதன், மதியம் 2.40

ஒரு கேள்வி. எண்ணை +91 இல்லாமல் பத்து இலக்கமாகவே சேமித்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லையே?

---

குமரன்_வெப் · புதன், மதியம் 3.05

உள்ளூர்ப் படிவங்களுக்கு அது நல்லது, அண்ணா. ஆனால் விசா, வெளிநாட்டுக் கல்லூரி மாதிரிப் படிவங்கள் நாட்டுக் குறியீடு சேர்த்துக் கேட்கும், அங்கே பத்து இலக்கம் குறையாகப் போகும். அதோடு குரோம் சில நேரம் முகவரியில் உள்ள நாட்டைப் பார்த்து +91-ஐத் தானே சேர்த்துக்கொள்கிறது. எப்படிச் சேமித்தாலும் கடைசி நான்கு இலக்கத்தைப் பார்ப்பதை விட முடியாது.

---

தேவி_கோரமங்களா · புதன், மாலை 6.20

லாஸ்ட் நேமில் என்ன போடுவது என்பதற்கு யாரும் பதில் சொல்லவில்லையே. காலியாக விட்டால் படிவம் நகர்வதில்லை.

---

அந்தோணி_சிவாஜிநகர் · புதன், மாலை 7.00

சான்றிதழில் S என்றிருந்தால் நான் S என்றே போடுவேன், புள்ளி இல்லாமல். சில தளங்கள் ஒரு எழுத்தை ஏற்காது. அப்போது அந்த அலுவலகத்துக்குப் போன் செய்து கேட்டுவிட்டுத்தான் அப்பா பெயரை விரித்துப் போடுவேன்.

---

சரஸ்வதி_மல்லேஸ்வரம் · புதன், மாலை 7.25

எங்கள் வீட்டில் பான் கார்டுக்கு இனிஷியலை விரித்துத்தான் எழுத வேண்டும் என்றார்கள். ஆதாரில் இனிஷியல் மட்டும். இப்போது இரண்டையும் இணைக்கும்போது பெயர் பொருந்தவில்லை என்கிறது. அதனால் எங்கும் விரித்தே எழுதுவது நல்லது என்று நான் நினைக்கிறேன். குமரன் தம்பி, கீபோர்டு திருத்தத்தை நிறுத்திவிட்டேன், யாழினி பெயர் இப்போது சரியாக வருகிறது. நன்றி.

---

அந்தோணி_சிவாஜிநகர் · புதன், இரவு 8.10

சரஸ்வதி அம்மா, பள்ளிக்கு அப்படிச் செய்யாதீர்கள் என்பேன். அவர்கள் பிறப்புச் சான்றிதழோடுதான் ஒப்பிடுவார்கள். அதில் S என்றால் படிவத்திலும் S. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்வரை அந்தப் பெயர் போகும்.

---

மீனா_ஒயிட்ஃபீல்டு · அடுத்த செவ்வாய், இரவு 9.15

பேருந்துப் படிவத்தை இன்று நிரப்பினேன். குமரன் தம்பி சொன்ன வரிசையிலேயே செய்தேன்: கவின் பெயர், கணவர் பெயர், இரண்டு எண்களையும் நானே அடித்தேன், பிறகு முகவரிக்கு மட்டும் அந்தப் பட்டையைத் தொட்டேன். பெயர்கள் மாறவில்லை. கீபோர்டை மூடிவிட்டு மேலிருந்து பார்த்துக்கொண்டே வந்தேன். இமெயில் கட்டம் நீலமாக இருந்தது, என் பழைய இமெயில், அதைத் திருத்தினேன். மாவட்டம் மறுபடியும் Bagalkote, அதையும் மாற்றினேன். பின்கோடு 560066 என்று வந்தது, ஏனென்றால் முந்தின நாளே சேமித்த முகவரியைத் திருத்தி வைத்துவிட்டேன்.

ஒரு விஷயம் மட்டும் புதிது. சப்மிட் கொடுத்தவுடன் குரோம் Save address? என்று கேட்டது. அதில் பெயர் Kavin S, கீழே எங்கள் முகவரி. சேமி என்று அழுத்தப் போய் நிறுத்திக்கொண்டேன். அழுத்தியிருந்தால் என்ன ஆகும்?

பள்ளி விஷயம்: கடிதம் கொடுத்தாயிற்று. லாஸ்ட் நேமை S என்று மாற்றிவிட்டார்கள். நேர்முகம் வரும் சனிக்கிழமை, இந்த முறை செய்தி என் எண்ணுக்கே வந்தது.

---

குமரன்_வெப் · அடுத்த செவ்வாய், இரவு 9.50

மிகவும் சந்தோஷம் அக்கா. அழுத்தாதது நல்லது. அழுத்தியிருந்தால் கவின் பெயரில் இரண்டாவது முகவரிக் கட்டு உருவாகியிருக்கும். அடுத்த முறை நீங்கள் ஆன்லைனில் ஏதாவது வாங்கும்போது பட்டையில் அவன் பெயரும் வந்து நிற்கும். Update address? என்று கேட்டால் இன்னும் கவனமாக இருங்கள், அதில் சரி என்றால் உங்கள் கட்டே மாறிவிடும். பெயரைப் படித்துவிட்டு, உங்களுடையது என்றால் மட்டும் அழுத்துங்கள்.

---

தேவி_கோரமங்களா · அடுத்த செவ்வாய், இரவு 10.10

என் போனில் மாமியார் பெயரில் ஒரு கார்டு எப்படி வந்தது என்று இப்போதுதான் யோசிக்கிறேன். அது சஃபாரியில்தான். அங்கேயும் இப்படிக் கேட்குமா, யாருக்காவது தெரியுமா?